ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது?

"சார், தெலுக் இந்தானில் ஐந்தாம் படிவம் படிக்கிறேன். எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம் என்பது புரிகிறது. ஆனால் ஆக்சிஜனேற்றி எது, ஒடுக்கி எது என்று கேட்டால் மாற்றி எழுதிவிடுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?"

சதுப்பு மண்ணில் நடும் செம்பனைக்குச் செம்புச் சத்து போதாது. அதற்காக மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் போடுவார்கள். அதைக் கரைக்கத் துத்தநாக முலாம் பூசிய வாளியை எடுக்கக் கூடாது. எடுத்தால் வாளியின் உட்புறத்தில் பழுப்புப் படலம் படியும். கரைசலின் நீல நிறம் மெல்ல வெளுக்கும்.

Zn + Cu²⁺ → Zn²⁺ + Cu

முதலில் மின்சுமையை மட்டும் பாருங்கள். துத்தநாகம் 0-லிருந்து +2 ஆகிறது. அப்படியானால் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அந்த எலக்ட்ரான்களை வாங்கிய Cu²⁺ ஒடுக்கம் அடைந்து செம்பாகப் படிந்தது. எலக்ட்ரானைக் கொடுத்து எதிராளியை ஒடுக்கியது துத்தநாகம், ஆகவே அதுதான் ஒடுக்கி. Cu²⁺ ஆக்சிஜனேற்றி. நீங்கள் மாற்றி எழுதுவது இந்த இடத்தில்தான்: தான் ஆக்சிஜனேற்றம் அடைவது எதுவோ, அதுவே ஒடுக்கி. இரண்டு விடைகளையும் அம்புக்குறியின் இடப்பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். சல்பேட் அயனி மாறவே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

சரி, கொஞ்சம் சிக்கலான ஒன்று. இரும்பு(II) சல்பேட் கரைசலில் புரோமின் நீரை விடுகிறோம்.

2Fe²⁺ + Br₂ → 2Fe³⁺ + 2Br⁻

நேர்மின் அயனி என்றாலே எலக்ட்ரானை வாங்கும் என்று பலர் நினைத்து, Fe²⁺-ஐ ஆக்சிஜனேற்றி என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒவ்வொரு Fe²⁺-உம் +3 ஆகும்போது ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அதனால் Fe²⁺ ஒடுக்கி, Br₂ ஆக்சிஜனேற்றி.

அதே Fe²⁺ கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் கதை மாறும்.

Zn + Fe²⁺ → Zn²⁺ + Fe

இங்கே Fe²⁺ எலக்ட்ரானை வாங்குகிறது, எனவே இப்போது அதுதான் ஆக்சிஜனேற்றி. எதிரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே பாத்திரம் அமைகிறது. இதனால்தான் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள் என்கிறேன்.

புரோமின் சோதனையில் Fe³⁺ உண்டானதை உறுதிசெய்ய, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்ப்போம். Fe²⁺ என்றால் பச்சை வீழ்படிவு, Fe³⁺ என்றால் பழுப்பு வீழ்படிவு. ஆனால் இரும்பு(II) சல்பேட் கரைசல் பழையதாக இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனே அதில் ஒரு பகுதியை Fe³⁺ ஆக்கியிருக்கும். அப்போது புரோமின் விடாமலேயே பழுப்பு தென்படும், முடிவை நம்ப முடியாது. அன்றன்றைக்குக் கரைத்த கரைசலை எடுங்கள்; புரோமின் விடும் முன்பே கொஞ்சத்தைத் தனியாக ஊற்றி, பச்சை வீழ்படிவு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.