ஷெல் தடிமனும் வெல்டிங் மூட்டுத் திறனும்: வாசகர் கேள்விகள்

ஏர் ரிசீவர் செய்கிறோம். உள்விட்டம் 1500 மி.மீ., அழுத்தம் 10 பார், துரு அலவன்ஸ் 3 மி.மீ. ஃபுல் எக்ஸ்ரே எடுத்தால் பிளேட் மெலியுமா? (கஞ்சிக்கோடு)

கணக்கில் மெலியும், கையில் மெலியாது. ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8, டிவிஷன் 1 சூத்திரம்:

```
t = PR / (SE − 0.6P)
```

இதில் t தடிமன், P அழுத்தம், R உள் ஆரம், S பிளேட்டுக்கு அனுமதித்த இழுவிசை, E வெல்டிங் மூட்டுத் திறன். 10 பார் என்பது P = 1 எம்.பி.ஏ. எஸ்.ஏ. 516 கிரேடு 70 பிளேட்டுக்கு S 138 எம்.பி.ஏ. என்று வையுங்கள். துரு தின்ற பிறகுள்ள ஆரம் 753. இருபக்க பட் வெல்டுக்கு, ஃபுல் எக்ஸ்ரே என்றால் E = 1; தடிமன் 5.5 மி.மீ. ஸ்பாட் எக்ஸ்ரே, 0.85, 6.5. எக்ஸ்ரேயே இல்லை, 0.7, 7.8. இவற்றோடு 3 கூட்டினால் 8.5, 9.5, 10.8. கடையில் கிடைப்பது 10-ம் 12-ம். ஆக முதல் இரண்டுக்கும் அதே 10 மி.மீ. பிளேட்தான். ஸ்பாட்டோடு நிறுத்துங்கள், ஃபுல் எக்ஸ்ரே செலவு வீண். E-ஐ முடிவு செய்துவிட்டுத்தான் பிளேட் வாங்க வேண்டும்.

டேங்குக்கு எத்தனை மி.மீ. போடலாம்? (தடா)

அழுத்தம், விட்டம், பிளேட் கிரேடு எதையும் எழுதாமல் கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

சுற்று மூட்டுக்கும் இதே கணக்கா? (வாளையாறு)

இல்லை. அங்கே இழுவிசை ஏறக்குறைய பாதி. மேலே சொன்ன ரிசீவரில் E 0.7 வைத்தாலும் 3.9 மி.மீ. போதும். நீள மூட்டுதான் தடிமனைத் தீர்மானிக்கும். காற்றில் ஆடும் உயரமான கோபுரக் கலன் வேறு விஷயம்.

எங்கள் வெல்டர் கைதேர்ந்தவர், ஹைட்ரோ டெஸ்டிலும் ஒரு சொட்டு கசியவில்லை. E = 1 போடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. E என்பது வெல்டருக்குப் போடும் மார்க் அல்ல. மூட்டின் வகையும் ஃபிலிம் எடுத்த அளவும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

ஹைட்ரோவும் சாட்சி சொல்லாது. அதே ரிசீவரை 10 மி.மீ. பிளேட்டில் செய்து 13 பாரில் சோதித்தால், ஷெல்லில் வரும் இழுவிசை 100 எம்.பி.ஏ.கூட எட்டாது. பிளேட் நிரந்தரமாக நீளத் தொடங்குவதே 260-இல். உள்ளே ஃப்யூஷன் ஆகாத கோடு இருந்தாலும் அன்றைக்குத் தாங்கிவிடும். கம்ப்ரஸர் நாள்தோறும் ஏற்றி இறக்கும்போதுதான் அந்தக் கோடு விரிசலாக வளரும்.

எக்ஸ்ரே இல்லாத அந்த 10 மி.மீ. ஷெல்லை, துரு அலவன்ஸ் போக மிஞ்சும் 7-இல் கணக்கிட்டால் 8.9 பார்தான் தேறும். உள்ளே ஆள் நுழைய முடியாமல், பட்டியும் வைக்காமல் வெளியிலிருந்து ஒரே பக்கம் வெல்ட் செய்த மூட்டா? இந்த ரிசீவரின் நீள மூட்டுக்கு விதி அதை அனுமதிப்பதே இல்லை. பெயர்ப்பலகையில் 10 என்று அடித்தால் அது பொய். மறுபடியும் சொல்கிறேன்: E-ஐ முடிவு செய்துவிட்டுப் பிளேட் வாங்குங்கள்.

ஸ்பாட் எக்ஸ்ரே எத்தனை இடத்தில்? (கும்மிடிப்பூண்டி)

சுமார் 15 மீட்டர் வெல்டுக்கு ஓர் இடம், 150 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல். ஒவ்வொரு வெல்டரின் வேலையும் அதில் வர வேண்டும். இடத்தை இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுப்பார், பட்டறைக்காரர் அல்ல. ஒன்று தேறாவிட்டால் அதே வெல்டில் இன்னும் இரண்டு இடம் எடுக்க வேண்டும்.