கபால நரம்புகள் பன்னிரண்டையும் நினைவு மாளிகைக் கதையாக்குவது எப்படி?

"லெக்சர் முடிந்தது. பெயர் வரிசை வந்துவிட்டது. எது என்ன செய்யும் என்பதுதான் குழம்புகிறது. இதை எப்படிக் கதையாக்குவது?"

உங்கள் வீட்டில் வாசலிலிருந்து நடக்கும் வரிசையில் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம்தான் நரம்பின் எண். அங்கே பெயரை ஒட்டாமல், அதன் வேலையைச் செய்யும் ஒருவரை நிறுத்துங்கள்.

மூன்றாம் இடம் ஹால். காவலாளி ஒரு கையால் ஷட்டரைத் தூக்கிப் பிடிக்கிறார், மறு கையால் விளக்கின் வட்டத்தைச் சுருக்குகிறார். இமையைத் திறப்பதும் கண் பாப்பாவைச் சுருக்குவதும் ஆகுலோமோட்டாரின் வேலைகள். நான்காவதை மாடிப்படியில் வையுங்கள்: ட்ரோக்ளியர் பழுதானவருக்குப் படியிறங்கும்போதுதான் இரட்டையாகத் தெரிந்து தொல்லை தரும். ஐந்தாம் இடத்தில் ஒருவர் பச்சைமிளகாயை மென்று எரிகிறது என்று அலறுகிறார். மெல்லுவதும் எரிச்சலும் ட்ரைஜெமினல்.

ஏழாவது, சமையலறை. பாட்டி வெங்காயம் நறுக்கி, கண்ணை இறுக மூடி, கண்ணீரோடு பாயசத்தை நாக்கு நுனியால் சுவைக்கிறார். இமை மூடுவது, கண்ணீர், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குச் சுவை, மூன்றும் ஃபேஷியல். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: திறப்பது மூன்று, மூடுவது ஏழு.

அப்புறம் ஒவ்வொருவரையும் தூங்க வைத்துப் பாருங்கள். காவலாளி தூங்கினால் ஷட்டர் விழும், விளக்கு விரியும். பாட்டி தூங்கினால் கண் மூடாது, வாய் ஒரு பக்கம் கோணும். ஆனால் பக்கவாதத்தில் நெற்றி தப்பிப்பது ஏன் என்பதை இந்தக் கதை சொல்லாது. அதற்கு நரம்புப் பாதையை வரைந்துதான் படிக்க வேண்டும்.