42 பேர் கையெழுத்திடும் பிரியாவிடை மட்டை: இடமும் வாசகமும்

கேள்வி: எங்கட பிரதேச செயலகத்தில கணக்குக் கிளை அக்கா ஒராள் அடுத்த மாதம் ஓய்வு பெறுறா. நாங்கள் 42 பேர். எல்லாரும் கையெழுத்து வைக்கிற மாதிரி ஒரு மட்டை செய்யவேணும். போன முறை நாலைஞ்சு பேர் நடுவில பெரிசா எழுதி, கடைசியா வந்த ஆக்களுக்கு இடமில்லாமல் போயிட்டுது. எப்பிடி இடம் பிரிக்கிறது, என்ன எழுதிறது? (கிளிநொச்சி)

ஏ3 மட்டை ஒன்றை நடுவில் மடித்தால் உள்ளே இரண்டு ஏ4 பக்கம் கிடைக்கும். வெளி ஓரங்களில் ஒன்றரை சென்ரிமீற்றரும் மடிப்போரம் ஒரு சென்ரிமீற்றரும் விட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் குறுக்கே மூன்றாகவும் நெடுக்கே ஒன்பதாகவும் பிரியுங்கள். ஒரு கட்டம் 6 சென்ரிமீற்றர் அகலமும் கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர் உயரமும் வரும். இரண்டு வரி வாழ்த்துக்கும் பெயருக்கும் அது காணும். இடப் பக்கத்தின் மேல் மூன்று வரிசையை வாசகத்துக்கு ஒதுக்கினால் அங்கே 18 கட்டமும் வலப் பக்கத்தில் 27 கட்டமும் மிஞ்சும். மொத்தம் 45. மூன்று கட்டம் கையிருப்பு. மாற்றலாகிப் போனவர்கள் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

கட்டங்களைக் கோடாக அச்சடித்தால் வரவுப் பதிவேடு மாதிரி இருக்கும். மூலைகளில் மட்டும் பென்சிலால் மெல்லிய புள்ளி வையுங்கள். வாசகத்துக்கு நேர் கீழேயுள்ள முதற் கட்டம் பிரதேச செயலாளருக்கு. மற்றவர்கள் விரும்பிய கட்டத்தில் எழுதலாம், ஆனால் முதலில் சுற்றுக்கு விடும்போது எழுத்துச் சிறிதாக உள்ள இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். பின்னால் வருபவர்கள் அந்த அளவைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கையொப்பம் மட்டும் வைத்தால் பத்து வருடம் கழித்து யாரென்று தெரியாது, பெயரும் எழுதச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் பதவி முத்திரை குத்துபவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்!

வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரியாவிடை மட்டை அடிக்கும் அச்சகமே கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிறது, சொற்களும் அங்கிருந்தே வந்துவிடுகின்றன. ‘உங்கள் பிரிவால் வாடும் அலுவலகக் குடும்பத்தினர்’ என்று எழுதினால் எப்படி வாசிக்கப்படும் என்று யோசியுங்கள். முகப்பில் வட்டத்துக்குள் படத்தைப் போட்டு, கீழே சேர்ந்த திகதியையும் ஓய்வு பெறும் திகதியையும் பக்கம் பக்கமாக அச்சிட்டால் ‘தோற்றம், மறைவு’ என்றே கண்ணுக்குப் படும். திகதி வேண்டுமென்றால் வாக்கியத்துக்குள் வரட்டும். படம் சதுரமாக இருக்கட்டும். அவர் மேசையில் வேலை செய்யும் படமென்றால் இன்னும் நல்லது.

ஆறு ஏழு வரி போதும். ‘கடமையுணர்வு மிக்கவர்’ என்பதை யாருக்கும் எழுதலாம். அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். மாதிரிக்கு:

“அன்புள்ள அக்கா, 1993இல் எழுதுவினைஞராகச் சேர்ந்தீர்கள். சம்பளப் பட்டியலில் ஒரு சதம் பிசகினாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டீர்கள். எங்களில் பலருக்கு வவுச்சர் எழுதப் பழக்கியது நீங்கள்தான். இனிக் காலைத் தேநீரை ஆறுதலாகக் குடியுங்கள். கணக்குக் கிளைப் பக்கம் அடிக்கடி வந்துபோங்கள். உங்கள் அலுவலகத்தார்.”

வன்னியில் நீண்டகாலம் வேலை செய்தவர் என்றால் இடம்பெயர்வுக் காலத்தையும் எழுதத் தோன்றும். அவரே அதை வெளிப்படையாகப் பேசுபவரென்றால் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் தொடவேண்டாம், விழா மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் அதை வாசிக்க வேண்டியிருக்கும்.

அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாக அனுப்பாதீர்கள். பாமினியில் தட்டச்சிட்டது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிக்கோடிலும் எழுத்துரு மாறினால் வரிகள் இடம்பெயரும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரை, மினுக்கமில்லாததாகக் கேளுங்கள். மினுக்க மட்டையில் ஜெல் பேனை மை காயாமல் கையில் இழுபடும். எதற்கும் அதே மட்டையின் வெட்டுத்துண்டில் எழுதி, பத்து விநாடி கழித்துப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் ஒரே வகைப் பேனை இரண்டை மட்டையோடு சேர்த்தே சுற்றுக்கு விடுங்கள். மார்க்கர் வேண்டாம், மை பரவும். இந்தத் தடிப்பு மட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். மை தீர்ந்த பேனையால் அளவுகோலை வைத்து அழுத்திக் கோடிழுத்துவிட்டு மடியுங்கள்.

ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு பழைய கோவை ஒன்றுக்குள் வைத்துக் கொண்டுபோனால் அக்காவின் கண்ணில் படாது. எழுதியவர் தன் பெயருக்கு நேரே சரி போடட்டும். கிராம அலுவலர்களையும் வெளிக்கள உத்தியோகத்தர்களையும் மாதாந்தக் கூட்ட நாளிலேயே பிடியுங்கள், ஆகவே விழாவுக்கு முன் ஒரு கூட்டமாவது வரும்படி மட்டை தயாராக வேண்டும். வர முடியாதவர்கள் கட்டத்தைவிடச் சற்றுச் சிறிய வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பட்டும். அதைக் குச்சிப் பசையால் ஒட்டுங்கள், தண்ணிப் பசை தாளைச் சுருக்கிவிடும். கடைசிக் கையெழுத்து வைத்து ஒரு நாள் கழிந்த பிறகே பென்சில் புள்ளிகளை அழியுங்கள்.