தேன் விற்கும் மெயில்: எங்கே பத்தி பிரிப்பது, எங்கே புள்ளி வைப்பது?

கேள்வி: குலசேகரம் பக்கம் தேனீப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறோம். சென்னை, பெங்களூரு இயற்கை அங்காடிகளுக்கு நூறு மெயில் போட்டேன், இரண்டே பதில். பத்தி பத்தியாக உடைத்து, வரிக்கு முன்னால் புள்ளி வைத்துப் பட்டியலாக எழுதச் சொல்கிறான் தம்பி. அப்படிச் செய்தால் படிப்பார்களா? நான் அனுப்பியதை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மெயிலை என் போனில் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே பத்தி. மூன்று முறை விரலால் தள்ளிய பிறகுதான் 'அரை கிலோ பாட்டில் 260 ரூபாய்' என்ற இடம் வந்தது. முதல் ஆறு வரியும் தாத்தா காலத்தில் பானையில் தேனீ வளர்த்த கதை. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் கொள்முதல் பார்ப்பவர் பில் போடும் நேரத்துக்கு நடுவில் கட்டைவிரலால் மெயில் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் தேடுவது நாலே விஷயம்: என்ன பொருள், என்ன விலை, குறைந்தது எத்தனை வாங்க வேண்டும், மாதிரி கிடைக்குமா.

திரையில் மனிதர்கள் வரிக்கு வரி படிப்பதில்லை. மேல் வரிகளை ஓரளவு படித்துவிட்டு, அப்புறம் இடது ஓரத்தை ஒட்டியே கண் இறங்கிவிடும். இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-லேயே கண் அசைவை அளந்து இதைச் சொன்னார். அவர் பார்த்தது இணையப் பக்கங்களை. மெயிலுக்கும் பழக்கம் பெரிதாக மாறுவதில்லை.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக இயற்கை முறையில் எடுக்கப்படும் தேனைத் தங்கள் கடைக்கு வழங்க விரும்புகிறோம்' என்றால், இடது ஓரத்தில் நிற்பது 'எங்கள் பகுதியில்'. அதில் ஒன்றும் இல்லை. 'ரப்பர் தேன், அரை கிலோ 260 ரூபாய்' என்று தொடங்கினால் முதல் சில சொல்லிலேயே விஷயம் வந்துவிடும். பத்தியை உடைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் வெறுமனே உடைத்தால் சின்னச் சின்னத் துண்டாக அதே புதர்தான்.

உங்கள் மெயிலை இப்படி மாற்றினேன்:

> வணக்கம்.
>
> ரப்பர் தேன், அரை கிலோ பாட்டில் 260 ரூபாய். குலசேகரத்தில் எங்கள் சொந்தப் பெட்டிகளில் எடுத்தது. உங்கள் அண்ணாநகர் கடையில் விற்க ஏற்றது என்று நினைக்கிறேன்.
>
> ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதைத் தேனீ எடுக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் பருவம்.
>
> - குறைந்தபட்ச ஆர்டர்: 24 பாட்டில்
> - அனுப்பும் செலவு: எங்களுடையது
> - எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்: லேபிளில் உண்டு
>
> மாதிரிக்கு ஒரு பாட்டில் அனுப்பட்டுமா? கடை முகவரி மட்டும் போதும்.

ஒரு பத்திக்கு இரண்டு மூன்று வாக்கியம், போன் திரையில் ஐந்தாறு வரி. பத்திகளுக்கு நடுவே ஒரு காலி வரி, அவ்வளவுதான். வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று போனால் வாட்ஸ்அப்பில் காலையில் வரும் ராசிபலன் மாதிரி ஆகிவிடும். கேள்வி தனியாக நிற்கிறது பாருங்கள், மேலும் கீழும் இடைவெளி விட்டு. எங்கே பதில் போட வேண்டும் என்று அவர் தேட வேண்டியதில்லை.

பட்டியல் ஒன்று போதும், மூன்று நான்கு வரிக்குள். ஒரே இனமான, தனித்தனியாகச் சரிபார்க்கிற விஷயத்துக்குத்தான் புள்ளி. ரப்பர் இலைக்காம்பில் ஏன் தேன் வருகிறது என்பது காரண காரியம். அதைப் புள்ளியாக நறுக்கினால் தொடர்பு அறுந்துபோகும், அதனால் பத்தியாகவே விட்டேன். ஒவ்வொரு புள்ளியும் 'எங்களது', 'எங்களது' என்று தொடங்குவதையும் தவிருங்கள். பச்சை டிக், நட்சத்திரம், கைகாட்டும் படம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் மெயிலில் சில இடத்தில் எழுத்து அளவு மாறியிருந்தது. வேர்டில் அடித்து ஒட்டியிருக்கிறீர்கள். வேர்டின் இடைவெளி கூடவே வந்து, சில இடத்தில் இரண்டு காலி வரி, சில இடத்தில் ஒன்றுமே இல்லை. கணினியில் ஜிமெயிலில் ஒட்டும்போது Ctrl+Shift+V அழுத்துங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். காலி வரியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அப்புறம் முதலில் உங்களுக்கே அனுப்பி, போனைக் கை நீட்டிப் பிடித்து மூன்று விநாடி பாருங்கள். விலையும் கேள்வியும் கண்ணில் படாவிட்டால் இன்னும் வெட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் 'டிசைன் மெயில் போட்டுத் தருகிறோம், பத்தாயிரம் கடைக்குப் போகும்' என்று ஆட்கள் சுற்றுகிறார்கள். நானே ஒருமுறை பணம் கொடுத்து ஏமாந்தவன். கடிதம் முழுவதையும் ஒரே படமாக, பொன்னிறப் பின்னணியில் தேன் சொட்டுவது போலச் செய்து கொடுத்தார்கள். மெயிலில் படத்தைத் தடுத்து வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது காலிக் கட்டம். திறந்தவர்களுக்கும் போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகவில்லை, அது படம்தானே. எழுத்து பொடிப்பொடியாக, பெரிதாக்கினால் பக்கவாட்டில் ஓடியது. பத்தாயிரமும் சும்மா கதை. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது. எங்கிருந்தோ வாங்கிய முகவரிக்கு மொத்தமாகத் தள்ளினால் உங்கள் கணக்கே ஸ்பேம் என்று முத்திரை வாங்கிவிடும், பிறகு நீங்கள் ஒழுங்காக எழுதுவதும் அங்கேயே போய் விழும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: அரசு அலுவலகம். மானியம், கண்காட்சியில் ஸ்டால் என்று எழுதும்போது மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அங்கே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசைதான். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான், ஒரு எழுத்து மாறாமல். நான் ஒருமுறை அழகாக ஐந்து வரியில் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். 'பார்வை' இல்லை என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, உள்ளே இருந்ததை யாரும் படித்த மாதிரியே இல்லை. அங்கே முதலில் கடிதத்தைத் தொடுபவர் பதிவேட்டில் ஏற்றும் எழுத்தர். அவர் பார்ப்பது பொருள் வரியை, எனவே கேட்பதை முழுசாக அந்த ஒரு வரியில் போட்டுவிடுங்கள்: 'தேனீப் பெட்டி 20-க்கு மானியம் கோருதல் – தொடர்பாக'. புள்ளிக்குப் பதில் பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். கோப்பில் குறிப்பு எழுதுபவர் 'மனுதாரர் பத்தி 2-ல் கோரியபடி' என்று எழுத வசதியாக இருக்கும். இணைப்புகளையும் கடைசியில் எண் போட்டு எழுதுங்கள், ஒன்று தவறினாலும் அதைக் காரணம் காட்டி ஓரம் கட்டுவார்கள். இதையும் படிக்க லேசாக எழுதுகிறேன் என்று சுருக்கினால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

தாத்தா கதையைத் தூக்கிப் போட வேண்டாம். மாதிரி பாட்டிலோடு ஒரு சின்னத் தாளில் வையுங்கள். தேனை நக்கிப் பார்க்கும்போது அதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்கும்.