கதீட்டர் போட்டிருக்கும் அப்பாவுக்குப் பையில் சிறுநீர் இறங்கவில்லை

கேள்வி: அப்பாவுக்குப் பல மாதமாக கதீட்டர் இருக்கிறது. காலையிலிருந்து பையில் சிறுநீர் இறங்கவில்லை, குழாயின் ஓரமாகக் கசிகிறது. என்ன செய்வது?

ஓரமாகக் கசிவதால் அடைப்பு இருக்கலாம். முதலில் டியூப் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா, பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் குழாய் அழுந்தும். இதெல்லாம் சரியாக இருந்தும் சிறுநீர் வரவில்லை, அல்லது அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நீங்களாக சிரிஞ்சில் தண்ணீர் அடிக்க வேண்டாம், குழாயை இழுக்கவும் வேண்டாம். குழாய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஊதிய பலூன் இருக்கிறது.

சில கிருமிகள் சிறுநீரைக் காரத்தன்மையாக்குவதால் உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். மருத்துவமனையில் குழாயைக் கழற்றினால், அதன் நுனியைத் தடவிப் பார்க்கும்படி அங்கே சொல்லுங்கள். மணல் போல நறநறத்தால், அடுத்த முறை முன்கூட்டியே மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பை முக்கால்வாசி நிறையும் முன்பே காலி செய்யுங்கள், தரையில் படவிடாதீர்கள். பை மாற்றும்போது கை கழுவிவிட்டு, இணைப்பு நுனியைத் தொடாமல் மாட்டுங்கள்.

சிறுநீர் கலங்கலாக இருப்பது மட்டும் தொற்று ஆகாது. அதற்காக ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, திடீர்க் குழப்பம் வந்தால் அன்றே காட்டுங்கள்.