கிளிப் போட்ட பல் எப்படி நகர்கிறது? பல் சீரமைப்பு மருத்துவரிடம் கேள்வி பதில்

"பல் எலும்புக்குள்ளே கெட்டியாகத்தானே நிற்கிறது? கம்பி இழுத்தால் எலும்பை உடைத்துக்கொண்டா போகும்?" (கல்லூரி மாணவி)

எதுவும் உடைவதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதில் நார்களும் ரத்தக்குழாய்களும் நிறைந்திருக்கும். மேல்வரிசைக் கோரைப்பல்லைப் பின்னால் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேரின் பின்பக்கத்தில் அந்த நார்கள் நசுங்கும், முன்பக்கத்தில் விறைத்து இழுபடும். நசுங்கிய பக்கத்தில் இரண்டு மூன்று நாளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வேலையைத் தொடங்கும். இழுபட்ட பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பு வைக்கும். கம்பி தூண்டிவிடுவதோடு சரி, நகர்த்துவது உடம்புதான். செயற்கையாகப் பதித்த இம்ப்ளான்ட் பல்லுக்கு இந்த நார்ப்படலம் கிடையாது. அதனால் எவ்வளவு இழுத்தாலும் அது அசையாது.

"அப்படியென்றால் அதிகமாக அழுத்தினால் அதிகமாகக் கரையுமே? என் தம்பிக்கு மாதம் ஒருமுறைதான் முறுக்குகிறார்கள். பணம் வாங்கத்தான் இழுத்தடிக்கிறார்களோ?" (ஓர் அண்ணன்)

அழுத்தம் வேண்டும் என்ற பாதி சரி. ஆனால் அளவு மீறினால் நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, அங்கிருக்கும் செல்கள் செத்துவிடும். கரைக்க வேண்டிய செல்களே அங்கு இல்லை. எலும்பின் உட்பக்கத்திலிருந்து வேறு செல்கள் அரித்துக்கொண்டு வரும்வரை பல் ஒன்றிரண்டு வாரம் அப்படியே நிற்கும். வேரின் நுனி தேய்ந்து குட்டையாகும் ஆபத்தும் கூடும். அது வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

உங்கள் தம்பிக்கு முன்கடைவாய்ப்பல் எடுத்திருந்தால் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு இடம் கிடைத்திருக்கும். கோரைப்பல் நன்றாக நகர்ந்தால் மாதம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆக இந்த ஒரு பல்லுக்கே ஏழு மாதம் பிடிக்கும். அதற்கு முன் மெல்லிய கம்பியில் வரிசையை நேராக்கச் சில மாதங்கள், பிறகு முன்பற்களைப் பின்னால் கொண்டுபோவது, கடைசியில் சாய்ந்த வேர்களை நிமிர்த்துவது. ஒன்றரை, இரண்டு வருடம் இப்படித்தான் ஆகிறது. இதற்கிடையே கடைவாய்ப்பல் முன்னால் நழுவி அந்த இடத்தைத் தின்றுவிடாமலும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை என்பதைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் இடைவெளியை அளந்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். மூன்று மாதமாக அந்த எண் மாறவே இல்லையென்றால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"எனக்கு 41 வயது. பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். இப்போது கிளிப் போடலாமா?" (வங்கி ஊழியர்)

வயது தடையில்லை, தொடக்கம் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் வருவதுதான் கவலை. ஈறு நோயோடு பல்லை இழுத்தால் எலும்பு கரையும், திரும்ப வளராது. முதலில் ஈறைச் சரிசெய்யுங்கள்.

"கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை ஆறு மாதம் போட்டால் போதும் என்கிறார் என் டாக்டர். தோழிக்கோ ஆயுள் முழுக்க என்றார்களாம். எது சரி?" (புதுமணப்பெண்)

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. வேரைச் சுற்றிய நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடும். ஈறுக்குள் இருக்கும் ரப்பர் போன்ற நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகும். திரும்பியிருந்த பல்லைச் சுழற்றி நேராக்கியிருந்தால், அவைதான் பழையபடி முறுக்கப் பார்க்கும். அதனால் முதல் சில மாதம் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க, அப்புறம் இரவில் மட்டும் என்பதுதான் வழக்கம்.

ஆனால் நார்கள் அடங்கியதோடு கதை முடியவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிடெய்னரை நிறுத்தியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு கீழ் முன்பற்கள் ஒழுங்காக இருந்தது மூன்றில் ஒருவருக்கும் குறைவாகவே. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆக அந்தப் பற்கள் நெருக்கியடிக்கும். நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை இரவில் போடுங்கள் என்பேன்.

"நான் ரிடெய்னரைக் கழற்றி எறிந்து எட்டு வருடம் ஆச்சு, ஒன்றும் ஆகவில்லையே! சும்மா பயமுறுத்துகிறீர்கள்." (முன்பு கிளிப் போட்டவர்)

நல்லது. அந்தச் சிறு கூட்டத்தில் நீங்கள் இருக்கலாம். யார் அதில் வருவார் என்று முன்கூட்டியே சொல்ல எங்களிடம் வழியில்லை, அதுதான் சிக்கல். பழைய பல் அச்சோ புகைப்படமோ இருந்தால் கீழ் முன்பற்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ஊருக்குப் போனதில் மூன்று வாரம் ரிடெய்னர் போடவில்லை. இப்போது போட்டால் இறுக்குகிறது. வெந்நீரில் போட்டு இளக்கலாமா?" (பிளஸ் டூ மாணவர்)

வேண்டாம் தம்பி, பிளாஸ்டிக் கோணிவிடும். கடைசிவரை உட்கார்ந்து, வெறும் இறுக்கம் மட்டும் என்றால் சில நாள் முழுநேரமும் போடு, தளர்ந்துவிடும். நுனியில் இடைவெளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பினாலோ வலுக்கட்டாயமாகத் திணிக்காதே, டாக்டரிடம் காட்டு. ரிடெய்னராகப் பல்லின் பின்னால் கம்பி ஒட்டியவர்களும் அவ்வப்போது ஒவ்வொரு பல்லிலும் நாக்கால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தால் வலியே இல்லாமல் அந்தப் பல் தனியாக விலகிப் போகும்.