வெளியேற்ற ஒத்திகை அறிக்கையிலிருந்து நேரம், சிக்கல், நடவடிக்கை மூன்றையும் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி: ஒத்திகை முடிந்ததும் மாடி வார்டன்கள் ஆளுக்கொரு தாள் தருகிறார்கள், பாதுகாப்பு அலுவலர் ஒரு அறிக்கை எழுதுகிறார். எங்கள் கட்டட மேலாளர் கேட்பதோ மூன்றே விஷயம்: எவ்வளவு நேரம் ஆனது, என்ன சிக்கல், என்ன செய்யப் போகிறோம். இதை எப்படி எடுத்துக் கொடுப்பது?

பதில்:

இந்த வேலையை நான் அடிக்கடி செய்கிறேன். மூன்றில் எளிதாகத் தெரியும் நேரம்தான் அதிகம் ஏமாற்றும். பேச்சுக்கு ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டே போவோம். தரைத்தளமும் நாலு மாடியும் உள்ள ஒரு அலுவலகக் கட்டடம், இரண்டு படிக்கட்டுகள். பாதுகாப்பு அலுவலர் இப்படி எழுதியிருக்கிறார்:

> காலை 11:02-க்கு அலாரம் ஒலித்தது. நான்காம் மாடியினர் கூட்டத்தில் இருந்ததால் சற்றுத் தாமதமாகக் கிளம்பி, ஏ படிக்கட்டு வழியாக வந்தனர். கடைசி நபர் 11:09-க்கு வெளியே வந்தார். கூடுமிடத்தில் ஆள் கணக்கு 11:16-க்கு சரிபார்க்கப்பட்டது. பி படிக்கட்டின் தரைத்தளக் கதவு திறக்காமல் சிக்கியது, காவலர் வந்து திறந்துவிட்டார். மூன்றாம் மாடிக் கழிப்பறையில் இருந்த ஒருவருக்கு அலாரம் கேட்கவில்லை. பார்வையாளர் பதிவேடு வரவேற்பு மேசையிலேயே விடப்பட்டது. வெளியேற்றம் 7 நிமிடத்தில் வெற்றிகரமாக முடிந்தது. கதவு சரிசெய்யப்படும். ஊழியர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.

அவசரமாக எடுப்பவர் "நேரம்: 7 நிமிடம்" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஆனால் கட்டடம் காலியாக ஆனது 7 நிமிடம், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிய ஆனது 14 நிமிடம். உண்மையான தீ என்றால், தீயணைப்பு வீரர்கள் வந்து இறங்கியதும் கேட்பது "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் 7 நிமிடம் நின்றிருக்கிறார்கள். பார்வையாளர் பதிவேட்டைப் பற்றிய வரி அறிக்கையில் எங்கோ தள்ளி இருக்கிறது. ஆனால் அந்த 7 நிமிட இடைவெளிக்குக் காரணம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே நேரத்துக்கு ஒரே கட்டம் போடாதீர்கள். அலாரம், ஒவ்வொரு மாடியும் காலியானது, கடைசி நபர் வெளியே வந்தது, ஆள் கணக்கு முடிந்தது என்று தனித்தனியாக வையுங்கள். அறிக்கையில் இல்லாததை "குறிப்பு இல்லை" என்று எழுதுங்கள். நீங்களாக ஊகித்து நிரப்ப வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். நான்காம் மாடி வார்டனின் தாளில் "மாடி காலி: 11:10" என்று இருக்கிறது. கட்டடத்திலிருந்து கடைசி ஆள் வெளியே வந்ததே 11:09-க்கு! யாரும் பொய் சொல்லவில்லை, அவர் கைக்கடிகாரம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். இப்படி நடக்க முடியாத வரிசை கண்ணில் பட்டால் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம். சராசரி போட்டுச் சமாளிக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே கணத்தில் நடந்தது அலாரம் ஒலித்தது ஒன்றுதான். அதைப் பூஜ்ஜியமாக வைத்து, ஒவ்வொருவர் நேரத்தையும் அவரவர் கடிகாரத்திலேயே கழியுங்கள். வார்டன் தாளில் "அலாரம்: 11:04" என்று இருக்கிறது. அப்படியானால் அவர் மாடி காலியாக ஆனது 6 நிமிடம். கட்டடம் முழுக்கக் காலியாக 7 நிமிடம்.

இப்போது பாருங்கள், கதையே மாறுகிறது. நான்காம் மாடியிலிருந்து இறங்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கிறது, நெரிசல் இல்லாவிட்டால் நாலு மாடிக்கு அது பொருந்தக்கூடியதே. மீதி 6 நிமிடம் மாடியிலேயே போயிருக்கிறது. அறிக்கை "சற்றுத் தாமதம்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் மொத்த நேரத்தையும் தீர்மானித்திருக்கிறது. படிக்கட்டை அகலப்படுத்தினாலும் அந்த 6 நிமிடம் குறையப் போவதில்லை. கூட்ட அறையில் இருந்தவர்கள் அலாரத்தைக் கேட்டும் உட்கார்ந்திருந்தார்களா, அல்லது கதவு மூடியிருந்ததால் கேட்கவேயில்லையா என்பது வார்டனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஒரு எச்சரிக்கை: நிமிடக் கணக்கில் மட்டும் எழுதிய நேரங்களைக் கழித்தால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிசகலாம். 11:02 என்பது 11:02:00 ஆகவும் இருக்கலாம், 11:02:59 ஆகவும் இருக்கலாம். எனவே 7 என்பது 6-க்குச் சற்று மேலிருந்து 8-க்குச் சற்றுக் கீழ் வரை எதுவாகவும் இருக்கும். அதேபோல 6 என்பது 5-க்கும் 7-க்கும் இடையில். எப்படி வைத்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் மாடியிலேயே போனது என்ற முடிவு நிற்கிறது, அதை மேலாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் போன தடவை 8, இந்தத் தடவை 7, முன்னேற்றம் என்று சொல்லக் கூடாது. விநாடி வேண்டுமென்றால் அலாரத்தை இயக்கும் ஃபயர் பேனலின் நிகழ்வுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதன் கடிகாரமும் தவறாக இருக்கலாம், அதனால் மற்றவர்கள் கடிகாரத்தோடு நேராகக் கலக்காதீர்கள்.

பழைய ஒத்திகையோடு ஒப்பிடுவதானால், முன்கூட்டியே அறிவித்ததா, அன்று எத்தனை பேர் இருந்தார்கள், ஒரு படிக்கட்டை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தார்களா என்பதையும் நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாத ஒப்பீட்டுக்கு மதிப்பு கிடையாது.

சரி, சிக்கல்கள். ஒரு வரிக்கு ஒரு சிக்கல், கூடவே இடம், யார் பார்த்தது. "சிக்கியது" என்று அறிக்கையில் இருந்தால் உங்கள் தாளிலும் "சிக்கியது" என்றே இருக்கட்டும். நிறைய பேர் இங்கே உதவி செய்கிறேன் என்று "கதவின் பூட்டு பழுது" என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். அறிக்கை காரணத்தைச் சொல்லவே இல்லையே! காவலர் அந்தக் கதவை எப்படித் திறந்தார் என்பதுதான் விஷயம். தோளால் இடித்துத் திறந்தார் என்றால் கீலோ, தாழோ, சட்டமோ பார்க்க வேண்டும், தச்சரோ கதவு மெக்கானிக்கோ போதும். அட்டையைத் தேய்த்தோ சாவி போட்டோ திறந்தார் என்றால் கதை வேறு. அலாரம் வந்ததும் தானாக விடுபட வேண்டிய காந்தப் பூட்டு விடுபடவில்லை என்று பொருளாகலாம். அப்போது ஃபயர் பேனலுக்கும் கதவுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் உள்ள இணைப்பைச் சோதிக்க வேண்டும். அந்த இரண்டையும் பராமரிப்பவர்கள் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். மேலும் ஒரு கதவு விடுபடவில்லை என்றால் அதே மின்சுற்றில் உள்ள மற்றக் கதவுகளும் சந்தேகத்துக்குரியவையே. "கதவு பழுது" என்று நீங்கள் எழுதியிருந்தால் மேலாளர் தச்சரை அனுப்பியிருப்பார், தச்சர் எண்ணெய் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

அறிக்கை சொல்லாததையும் கவனியுங்கள். மேலே உள்ளதில் படியிறங்க முடியாதவர்களைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அன்று அப்படி யாரும் கட்டடத்தில் இல்லையா, இருந்தும் ஒத்திகையில் விட்டுவிட்டார்களா? "சிக்கல் இல்லை" என்பதும் "அறிக்கையில் இல்லை" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தனி வரியாக, கேள்விக்குறியோடு போடுங்கள்.

நடவடிக்கைப் பகுதிக்கு வந்தால் பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் வெறுங்கையை விரிக்கும். காவலர் கதவைத் திறந்தது அன்றைய சமாளிப்பு, அதைச் சரிசெய்த நடவடிக்கையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். "கதவு சரிசெய்யப்படும்" என்பதில் யார், எப்போது இரண்டும் இல்லை. அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டு, மேலாளர் கண்ணில் படும்படி வண்ணம் அடியுங்கள். பராமரிப்புக் குழு, அடுத்த வாரம் என்று நீங்களே போட்டால், யாருமே ஏற்றுக்கொள்ளாத ஒரு வேலை ஒருவர் பெயரில் இருப்பது போல் தெரியும்.

"விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்ற வரியை ஒவ்வொரு சிக்கலுக்கும் எதிரே வைத்துப் பாருங்கள். கழிப்பறையில் அலாரம் கேட்காதவருக்கு என்ன விழிப்புணர்வு கொடுப்பது? அங்கே செய்ய வேண்டியது, கழிப்பறைக் கதவை மூடிவைத்து, அலாரத்தை ஒலிக்கவிட்டு, ஒலிமானியால் அளப்பது. பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 5839-1 பொதுவாகக் கேட்பது 65 டெசிபல். உங்கள் ஊர் விதி என்னவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஒலிப்பான் சேர்ப்பதா, ஒளிரும் விளக்கு வைப்பதா என்று பார்க்கலாம். எனவே கழிப்பறைச் சிக்கலுக்கு எதிரே "அறிக்கையில் நடவடிக்கை இல்லை" என்று எழுதி, உங்கள் யோசனையை வேறு கட்டத்தில், உங்களுடையது என்று தெரியும்படி வையுங்கள். அறிக்கை சொன்னதும் நீங்கள் சொன்னதும் கலந்துவிட்டால், பிறகு தணிக்கைக்கு வருபவரிடம் எது யார் வார்த்தை என்று விளக்க முடியாது.

கதவு வரி கடைசியில் மேலாளர் கையில் இப்படிப் போகும்: "பி படிக்கட்டு, தரைத்தள வெளிக்கதவு. திறக்காமல் சிக்கியது (பாதுகாப்பு அலுவலர் அறிக்கை). காரணம்: குறிப்பு இல்லை, காவலரிடம் கேட்க வேண்டும். அன்றே செய்தது: காவலர் திறந்தார். நடவடிக்கை: சரிசெய்யப்படும். பொறுப்பு: காலி. தேதி: காலி. இடைக்கால ஏற்பாடு: குறிப்பு இல்லை." அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்த உடனே மேலாளர் கேட்பார், பழுது பார்க்கும் வரை அந்த வழியாக வருபவர்கள் என்ன செய்வார்கள் என்று. கேட்கட்டும், தாள் அதற்காகத்தான்.

கடைசியாக, எந்த வரியையும் "முடிந்தது" என்று மாற்ற பழுது பார்த்த ரசீது மட்டும் போதாது. கதவு என்றால் அலாரத்தை ஒலிக்கவிட்டு, ஒரு ஆள் உள்ளிருந்து தள்ளித் திறந்து பார்த்த தேதி வேண்டும். அதுவரை "வேலை முடிந்தது, சோதிக்கவில்லை" என்று இருக்கட்டும். அடுத்த ஒத்திகையின் அறிக்கை வந்ததும் முதலில் இந்த வரிகளோடு ஒப்பிடுங்கள். அப்போது எழுதுபவர் வேறு ஆளாக இருந்து, இதே கதவைப் "பின்வாசல்" என்றோ "பார்க்கிங் பக்கக் கதவு" என்றோ எழுதியிருக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண் கொடுத்து, கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.